சர்வர் போனால் முதலில் என்ன செய்வது? சிறு நிறுவனம் ஒன்றுக்கான ‘ரன்புக்’ எழுதுவது எப்படி?

2017 ஜனவரி 31. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடிங்கைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், இந்திய நேரப்படி மறுநாள் விடிகாலை 4.30 மணி சுமாருக்கு ஒரு இன்ஜினீயர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் ஒன்று மட்டும் சரியாக ஓடவில்லை. அதில் இருந்த பழைய டேட்டாவை அழித்துவிட்டு மறுபடி காப்பி எடுக்கலாம் என்று நினைத்தார். அழிக்கும் கமாண்டைத் தட்டிய ஓரிரு நொடிகளிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அழிந்துகொண்டிருந்தது ஓடாத சர்வர் அல்ல, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெயின் சர்வர். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபி அளவுதான் மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே? அங்கேதான் உண்மையான அதிர்ச்சி. தினமும் பேக்கப் எடுக்கும் புரோகிராம் பழைய வெர்ஷன் என்பதால், புதிய டேட்டாபேஸை அதனால் படிக்க முடியாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. பேக்கப் சேர வேண்டிய கிளவுட் ஃபோல்டர் காலி. ‘பேக்கப் தோற்றுவிட்டது’ என்று வர வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் சரியாகக் கையெழுத்திடப்படாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. யாரும் பார்க்கவில்லை. வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. தளம் மறுபடி திறக்கச் சுமார் 18 மணி நேரம் ஆனது. இந்தக் கதை முழுவதையும் கிட்லேப் நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

பெரிய டீம் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரே ஒரு சர்வர், ஒரே ஒரு ‘சிஸ்டம் பார்க்கிற தம்பி’ உள்ள சிறு நிறுவனத்தில் என்ன ஆகும்? அந்த நாளுக்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் படிவரிசைதான் ரன்புக்.

ரன்புக் என்றால் என்ன?

சர்வர் செத்துப்போன பிறகு, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றும் சரியாக முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைச் சொல்லும் சில பக்கங்கள்தான் அது. ‘டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்யவும்’ என்ற ஒற்றை வரி ரன்புக் ஆகாது. ஒவ்வொரு படியிலும் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எந்த கமாண்ட், முடிந்ததும் திரையில் என்ன தெரிய வேண்டும், அது தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்.

இதில் பலரும் விட்டுவிடுவது மூன்றாவதையும் நான்காவதையும்தான். கிட்லேப் சம்பவத்தில் பேக்கப் எடுப்பதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. ‘எடுத்தது சரியாக இருக்கிறதா’ என்று பார்க்கும் படிதான் இல்லை.

புரிந்துகொள்ள ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு மோட்டார் உதிரிபாக மொத்த வியாபார நிறுவனம். 20 பேர் வேலை செய்கிறார்கள். ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர். அதில் உபுண்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். வெளியூரில் இருக்கும் சேல்ஸ் ஆட்களும் போனில் இதைத்தான் திறக்கிறார்கள். தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப் கிளவுடுக்குப் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு சர்வரின் டிஸ்க் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய இரண்டு எண்கள்

முதல் எண்: எவ்வளவு நேரத்து வேலையை இழக்கலாம்? இதை ஆர்பிஓ என்பார்கள். நமது உதாரணத்தில் பேக்கப் இரவு 2 மணிக்கு, டிஸ்க் போனது மாலை 4 மணிக்கு. ஆக 14 மணி நேரத்து வேலை பேக்கப்பில் இல்லை. டிஸ்க் இரவு 1.59-க்குப் போயிருந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். ‘ஒரு நாள் பில்களை மறுபடி உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்’ என்று முதலாளி சொன்னால் தினம் ஒரு பேக்கப் போதும். முடியாது என்றால் மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

இரண்டாவது எண்: எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும்? இதற்குப் பெயர் ஆர்டிஓ. லைசென்ஸ் எடுக்கப் போகும் ஆபீஸ் இல்லை, இது வேறு. இந்த எண்ணை ஆசைக்குச் சொல்லக்கூடாது, கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் 6 ஜிபி, பில் நகல்கள், ஸ்கேன்கள் எல்லாம் 34 ஜிபி. மொத்தம் 40 ஜிபியை ஆபீஸின் 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கினால், வேகம் துளியும் குறையாமல் இருந்தாலே 1 மணி 47 நிமிடம் ஆகும். இன்னும் ஒரு படிகூட ஆரம்பித்திருக்க மாட்டோம். கிட்லேப் அந்த 18 மணி நேரத்தின் பெரும்பகுதியைச் செலவழித்ததும் இதே மாதிரி, மெதுவான டிஸ்க்கிலிருந்து காப்பி ஆகி முடிவதற்காகக் காத்திருந்துதான்.

இந்தக் கணக்கைப் பார்த்தே ஒரு முடிவை எடுக்கலாம். ஆபீஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்வதா, வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுப்பதா? பேக்கப் கிளவுடில் இருப்பதால் அங்கேயே புது சர்வர் எடுத்தால் 40 ஜிபி வேகமாக வந்துவிடும். நமது கோவை நிறுவனம் கிளவுட் என்று முடிவு செய்து, அதை ரன்புக்கில் எழுதி வைக்கிறது. அன்றைக்கு மாலை 4 மணிக்கு எல்லோரும் பதற்றத்தில் இருக்கும்போது விவாதிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

முதல் பக்கம்: எதையும் அழிக்காதே

ரன்புக்கின் முதல் பக்கத்தில் கமாண்டே இருக்கக்கூடாது. அங்கே இருக்க வேண்டியது ‘நில்’ என்ற விதிதான். பழைய சர்வரை ஃபார்மேட் செய்யக்கூடாது. அதன் மேலேயே உபுண்டுவை மறுபடி போடக்கூடாது. பேக்கப்பைப் பழைய டேட்டாபேஸின் மேல் கொட்டக்கூடாது. ஒருவேளை பேக்கப் உருப்படியாக இல்லையென்றால், அந்த உடைந்த டிஸ்க்தான் கடைசி நம்பிக்கை. அதை அணைத்து, மேலே ‘தொடாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். ரீஸ்டோர் எப்போதும் புது சர்வரில்தான்.

அதே பக்கத்தில் இன்னும் மூன்று விஷயங்கள். ‘இனி ரன்புக்படிதான்’ என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாவிட்டால் யாருக்கு. பாஸ்வேர்டுகள் எங்கே இருக்கின்றன. மூன்றாவது, பலரைக் கவிழ்ப்பது: ஓடிபி யாருடைய போனுக்கு வரும்? கிளவுட் கணக்கும் டொமைன் கணக்கும் போன வருஷம் வேலையை விட்டுப் போன ஒருவரின் நம்பரில் இருந்தால், பேக்கப் பத்திரமாக இருந்தும் கதவு திறக்காது.

காரணம் டிஸ்க் பழுது இல்லை, ரான்சம்வேர் தாக்குதல் என்றால் இன்னொரு வரியும் வேண்டும். சர்வரின் நெட்வொர்க் கேபிளை உடனே கழற்ற வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து ஆபீஸ் பக்கம் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. “கடைசியா அடிச்ச பில்லு நம்பர் என்னங்க?” என்று பில்லிங் கவுண்டரில் கேட்டு, அந்த நகலை எடுத்து வைக்க வேண்டும். எண் 4,858 என்கிறார் கவுண்டரில் இருப்பவர். இது ஏன் முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

படி 1: அதே வெர்ஷனில் புது சர்வர்

பழைய சர்வரில் உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் 14 இருந்தால் புதியதிலும் அதையேதான் போட வேண்டும். ‘எப்படியும் புதுசாப் போடுறோம், லேட்டஸ்ட்டே போட்டுடலாமே’ என்ற ஆசை வரும். வேண்டாம். வெர்ஷன் மாற்றுவது தனி வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்தால், ஏதாவது தப்பு நடக்கும்போது காரணம் ரீஸ்டோரா வெர்ஷனா என்று தெரியாது.

```
lsb_release -ds
psql --version
timedatectl
```

பார்க்க வேண்டியது: 22.04 என்ற எண், 14 என்ற எண், நேர மண்டலம் `Asia/Kolkata`. மூன்றில் ஒன்று வேறாக இருந்தாலும் படி 2-க்குப் போகக்கூடாது.

படி 2: பேக்கப் முழுசா இருக்கிறதா?

கிளவுடிலிருந்து கோப்புகளை இறக்கியதும் உடனே ரீஸ்டோருக்குத் தாவக்கூடாது. பேக்கப் எடுத்த அன்றே அந்தக் கோப்புக்கு ஒரு ‘கைரேகை’ எடுத்து வைத்திருந்தால், இப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை மாறிவிடும்.

```
sha256sum -c billing.dump.sha256
ls -lh billing.dump
```

முதல் கமாண்டுக்கு `OK` என்று வர வேண்டும். இரண்டாவது, கோப்பின் அளவு. இதைக் கண்ணால் பார்ப்பது ஏன் என்றால், காலியான கோப்புக்கும் கைரேகை சரியாகத்தான் இருக்கும். முந்தைய நாள் பேக்கப்பின் அளவோடு ஒப்பிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நேற்று 2 ஜிபி, இன்று 20 கேபி என்றால் இன்றைய பேக்கப் பாழ். முந்தைய நாளுடையதை எடுத்து இந்தப் படியை மறுபடி செய்ய வேண்டும். (சுருக்கி எடுக்கப்படுவதால் பேக்கப் கோப்பு டேட்டாபேஸைவிடச் சிறியதாக இருப்பது சாதாரணம்.)

படி 3: முதலில் பயனர்கள், பிறகு டேட்டாபேஸ்

போஸ்ட்கிரெஸில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுக்கும்போது, அதற்குள் நுழையும் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் அதில் சேராது. அவற்றை `pg_dumpall --globals-only` என்ற கமாண்டால் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எடுக்காமல் விட்டால், ரீஸ்டோரின்போது `role "billing" does not exist` என்று வரிசையாகப் பிழைகள் கொட்டும்.

```
sudo -u postgres psql -f globals.sql
sudo -u postgres createdb -O billing billing
sudo -u postgres pg_restore --exit-on-error \
  -d billing billing.dump
```

முதல் கமாண்டில் `role "postgres" already exists` என்று ஒரு பிழை வரும். இது எதிர்பார்த்த பிழை, கவலை வேண்டாம் என்று ரன்புக்கில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரவு 7 மணிக்கு அதைப் பார்த்துப் பயந்து ஒருவர் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது கமாண்டில் உள்ள `--exit-on-error` முக்கியமானது. அது இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் பிழை வந்தாலும் நிற்காமல் மேலே போய், கடைசியில் எத்தனை பிழைகள் என்று மட்டும் சொல்லும். ஒரு டேபிள் மட்டும் காலியாக இருந்து, மீதி எல்லாம் சரியாக இருக்கும் டேட்டாபேஸ், மொத்தமாக இல்லாத டேட்டாபேஸைவிட ஆபத்து. பிழை வந்து நின்றால் அந்த டேட்டாபேஸை நீக்கிவிட்டு, இந்தப் படியின் இரண்டாவது கமாண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

படி 4: வந்தது சரியா என்று எண்ணிப் பார்

பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கும் எல்லா டேட்டாவும் வந்துவிட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எனவே கேட்டுப் பார்க்க வேண்டும்:

```
SELECT count(*), max(invoice_no), max(created_at)
FROM invoices WHERE fy = '2025-26';
```

திரையில் 4,812 பில்கள், கடைசி எண் 4,812, கடைசி நேரம் திங்கள் இரவு 8.47 என்று வருகிறது. நல்லது. ஆனால் 4,812 சரியான எண்தான் என்று எப்படித் தெரியும்? ஒப்பிட எண் வேண்டுமே. அதற்காகத்தான் தினமும் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், இதே கேள்வியை அப்போதே கேட்டு, பதிலை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பேக்கப்போடு அனுப்ப வேண்டும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு பொய்ப் பதற்றத்துக்கும் வாய்ப்பு உண்டு. புது சர்வரில் போஸ்ட்கிரெஸின் நேரம் யுடிசி என்று இருந்தால், அதே பில்லின் நேரம் 15.17 என்று தெரியலாம். ‘அஞ்சரை மணி நேர டேட்டா காணோம்’ என்று தோன்றும். எதுவும் காணாமல் போகவில்லை, இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள இடைவெளிதான் அது. `SHOW timezone;` என்று கேட்டால் தெரிந்துவிடும். எண்ணிக்கை பொருந்தினால் அடுத்த படி. பொருந்தாவிட்டால் நிறுத்தி, முந்தைய நாள் பேக்கப்பில் முயற்சி செய்ய வேண்டும்.

படி 5: கோப்புகளும் சாவியும்

பில் நகல்கள், ஸ்கேன்கள் உள்ள 34 ஜிபி ஃபோல்டரை அதனிடத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு, சாஃப்ட்வேர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவருக்கு அதைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிர்வாகியின் பெயரில் காப்பி செய்தால், கோப்பு இருந்தும் திறக்காமல் போகலாம்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸை முதலிலும் கோப்புகளை அதன் பிறகும் எடுப்பது நல்லது. அப்படி எடுத்தால் டேட்டாபேஸ் சொல்லும் ஒவ்வொரு கோப்பும் ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸுக்குத் தெரியாத ஓரிரு கோப்புகள் கூடுதலாக இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. தலைகீழாக எடுத்தால் பட்டியலில் பில் இருக்கும், கிளிக் செய்தால் ஒன்றும் வராது.

அடுத்து, சாஃப்ட்வேரின் ரகசியச் சாவி. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு எண் போன்ற விவரங்களைப் பல சாஃப்ட்வேர்கள் ஒரு சாவியால் பூட்டித்தான் டேட்டாபேஸில் வைக்கின்றன. அந்தச் சாவி சர்வரிலேயே ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் மட்டும் இருந்து, சர்வரோடு சேர்ந்து போய்விட்டால், டேட்டாபேஸ் முழுசாக வந்தும் அந்த விவரங்களைப் படிக்க வழியே இல்லை. அது பாஸ்வேர்டு மேனேஜரில் தனியாக இருக்க வேண்டும்.

படி 6: கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஓட்டு

இப்போது சாஃப்ட்வேரை ஓட்டலாம். ஆனால் வெளியே யாருக்கும் தெரியாமல். ஓட்டுவதற்கு முன் இரண்டை அணைத்தே ஆக வேண்டும்: தானாக ஓடும் வேலைகள், வெளியே போகும் மெயிலும் எஸ்எம்எஸ்ஸும்.

ஏன்? ரீஸ்டோர் ஆன டேட்டாபேஸைப் பொறுத்தவரை இப்போது செவ்வாய் அதிகாலை 2 மணி. காலை 10 மணிக்குப் போக வேண்டிய ‘உங்கள் பாக்கித் தொகை’ எஸ்எம்எஸ்கள் ஏற்கெனவே போய்விட்டன என்பது அதற்குத் தெரியாது. சாஃப்ட்வேர் விழித்ததும் எல்லோருக்கும் இன்னொரு தடவை அனுப்பிவிடும். மதியமே பணம் கட்டிய வாடிக்கையாளருக்கும் போகும்.

இந்தப் படியின் சரிபார்ப்பைச் செய்ய வேண்டியது சிஸ்டம் தம்பி அல்ல, கணக்குப் பார்ப்பவர். “அக்கா, நேத்து நீங்க முடிச்ச கணக்கோட இது ஒத்துப்போகுதான்னு பாருங்க” என்று அவரிடம் திரையைக் கொடுக்க வேண்டும். அவர் மூன்று வாடிக்கையாளர்களின் பாக்கியை, திங்கள் மாலை எடுத்த பிரிண்ட் அவுட்டோடு ஒப்பிடுவார். பத்துப் பழைய பில்களைத் திறந்து, நகல் வருகிறதா என்று பார்ப்பார். கமாண்ட் காட்டாத தவறுகளை இந்தக் கண் பிடித்துவிடும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த படி.

படி 7: பில் எண்ணில் இருக்கும் ஆபத்து

இங்கேதான் ரன்புக் இல்லாத பல நிறுவனங்கள் மாட்டும். டேட்டாபேஸில் கடைசி பில் 4,812. ஆனால் கவுண்டரில் இருக்கும் நகல் 4,858 என்கிறது. நடுவே உள்ள 46 பில்கள் செவ்வாய்க்கிழமை போட்டவை. சரக்கும் போய்விட்டது, பில்லும் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. டேட்டாபேஸுக்கு மட்டும் அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்படியே திறந்துவிட்டால் அடுத்த பில்லுக்கு சாஃப்ட்வேர் 4,813 என்று எண் கொடுக்கும். காலையில் ஒருவருக்குப் போன அதே எண், மாலையில் இன்னொருவருக்கு. ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும் தனித்தும் இருக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பில்கள் என்பது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வெடிக்கும் பிரச்சினை. அதுவரை யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

கிட்லேப் இதே ஆபத்தைத்தான் வேறு வடிவில் சந்தித்தது. விபத்துக்கு முன் பயன்படுத்தப்பட்ட எண்கள் மறுபடி யாருக்கும் போய்விடக்கூடாது என்பதற்காக, டேட்டாபேஸின் எண் வரிசைகளை எல்லாம் ஒரு லட்சம் முன்னே தள்ளிவிட்டுத்தான் திறந்தார்கள். பில் எண்ணில் அப்படித் தாவ முடியாது. எனவே ரன்புக்கில் இரண்டு வழிகளை எழுதி வைக்கலாம்.

நேரம் இருந்தால்: பிரிண்ட் நகல்களையும் மெயிலில் போன பிடிஎஃப்களையும் 4,813-லிருந்து வரிசையாக அடுக்கி, 46 பில்களையும் மறுபடி பதிவு செய்வது. ஒவ்வொன்றும் பழைய எண்ணையும் பழைய தேதியையுமே பெறுகிறதா என்று பார்ப்பது. 4,858 முடிந்த பிறகே திறப்பது.

இன்றே திறந்தாக வேண்டும் என்றால்: எண் வரிசையை 4,858-க்கு நகர்த்திவிட்டு, புது பில் 4,859-லிருந்து தொடங்க விட்டு, விடுபட்ட 46-ஐப் பிறகு கையால் எண் கொடுத்துப் பதிவது.

```
SELECT setval('invoice_no_seq', 4858);
```

எந்த வழியானாலும் சரிபார்ப்பு ஒன்றுதான்: திறந்த பின் வரும் முதல் புது பில்லின் எண் 4,859 ஆக இருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே ‘கடைசி பில் நம்பர் என்ன’ என்று கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

படி 8: கதவைத் திற, உடனே பேக்கப்பையும் திற

இனி டொமைனைப் பழைய ஆபீஸ் முகவரியிலிருந்து புது சர்வரின் முகவரிக்கு மாற்ற வேண்டும். டொமைன் விவரத்தில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும். பழைய முகவரியை மற்ற கம்ப்யூட்டர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. 86,400 என்று இருந்தால், சிலருக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய செத்த சர்வரே தெரியும். விபத்து அன்று இதைக் குறைத்துப் பயனில்லை, சாதாரண நாளிலேயே 300 ஆக்கி வைத்திருக்க வேண்டும்.

```
dig +short billing.example.com
```

புது முகவரி வந்தால், ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வெளியூர் சேல்ஸ் ஆளுக்குத் தெரிவதுதான் அப்போது தெரியும். பிரவுசரில் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியாகப் போடப்படவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, தானாக ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அதில் முதலாவது பேக்கப். புது சர்வரில் பேக்கப்பை ஓட வைக்க மறந்துவிட்டால் மறுநாள் காலையில் வித்தியாசம் எதுவும் தெரியாது. இன்னொரு விபத்து வரும்போதுதான் தெரியும். எனவே அன்றிரவே கையால் ஒரு பேக்கப் எடுத்து, படி 2-ல் சொன்ன சரிபார்ப்பை அதற்கும் செய்த பிறகே ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும்.

எழுதியவர் செய்து பார்க்கக்கூடாது

ரன்புக் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சும்மா ஒரு சனிக்கிழமை அதை ஓட்டிப் பார்ப்பது. ஒரு தற்காலிக கிளவுட் சர்வரை எடுத்து, படி 1 முதல் 6 வரை செய்துவிட்டு அதை நீக்கிவிடலாம். ஆனால் செய்பவர் அதை எழுதியவராக இருக்கக்கூடாது. எழுதியவருக்குச் சொல்லப்படாத விஷயங்களும் தெரியும், அதனால் விடுபட்ட வரி அவர் கண்ணில் படாது. அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். செய்பவர் எங்கெல்லாம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் ஒரு வரி குறைகிறது.

ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுத வேண்டும். கூட்டினால் வருவதுதான் நிஜமான ஆர்டிஓ. முதலாளி 2 மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்க, கூட்டுத்தொகை 5 மணி நேரம் என்று வந்தால், அதைப் பேச அந்தச் சனிக்கிழமையே நல்ல நாள்.

முடித்ததும் செய்யக் கடைசியாக இரண்டு வேலைகள். முதல் பக்கத்தின் மேலே ‘கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி’யையும் செய்தவர் பெயரையும் எழுதுவது. பிறகு பிரிண்ட் எடுத்து, ஒன்றை ஆபீஸ் அலமாரியிலும் ஒன்றை முதலாளி வீட்டிலும் வைப்பது. ரன்புக்கின் ஒரே பிரதியை அந்த சர்வரிலேயே சேமித்து வைத்திருந்தால், தேவைப்படும் அன்று அதையும் சேர்த்துத்தான் ரீஸ்டோர் செய்ய வேண்டியிருக்கும்.